கை எக்ஸ்ரேயில் முடக்கு வாதம்: மூட்டு இடைவெளியையும் எலும்பு அரிப்பையும் வரிசையாகப் பார்ப்பது எப்படி

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் 46 வயது அம்மா ஒருவர், ஏழு மாதமாக இரண்டு கையும் வீங்கி வலிக்கிறது என்று வந்தார். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியவில்லை. கையில் ஒரு எக்ஸ்ரேயும் ரிப்போர்ட்டும் இருந்தன. ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. இடது மோதிர விரலின் நடுக்கணுவில் மூட்டு இடைவெளி இல்லை. வலது மணிக்கட்டில் கேப்பிட்டேட் எலும்பில் அரிப்பு. இரண்டுமே தவறு. உண்மையான அரிப்பு அதே வலது கையில் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. அதை யாரும் எழுதவில்லை.

எழுதியவர் கவனமான இளம் மருத்துவர்தான். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை அவருக்கு இல்லை. மலையில் இருக்கும் சிறிய மருத்துவமனைகளில் பணிக்கு வரும் பலரிடமும் இதே தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டேன். அவர்களுக்காகவும், படம் எடுக்கும் டெக்னீஷியன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அந்த அம்மாவின் கை நமக்குக் கடைசிவரை துணைக்கு வரும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு கைகளும் உள்ளங்கை கீழே பட, தனித்தனியாக எடுத்த படம் வேண்டும். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி முன்கை எலும்புகள் இரண்டின் முனையும் படத்துக்குள் வர வேண்டும். அல்னா எலும்பின் முனையை வெட்டிவிட்டால், அரிப்பு சீக்கிரம் தொடங்கும் ஓர் இடத்தையே வெட்டிவிட்டோம் என்று பொருள்.

தனித்தனியாக ஏன்? இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தடவை எடுத்தால், கதிரின் மையம் கைகளுக்கு நடுவே விழுகிறது. மூட்டுகளுக்குள் கதிர் சாய்வாகப் போகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேடும் வேலைக்கு அந்தச் சாய்வே போதும், நம்மை ஏமாற்ற. மையம் நடுவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டின் மேல் இருக்கட்டும். குழாய்க்கும் கேசட்டுக்கும் 100 செ.மீ. தூரம், குறைந்த கிலோவோல்ட் (50 முதல் 55), கிரிட் வேண்டாம்.

மோதிரம், வளையல் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பற்று போட்ட கையைக் கழுவச் சொல்ல மறந்துவிடுகிறோம். காய்ந்த பற்று திட்டுத் திட்டாக நிழல் விழ வைக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இந்த நோயாளியின் விரல் நேராக நீளாது. வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள், அல்லது படத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள். விறைத்த கையை அழுத்திப் படுக்கவைத்து எடுத்த படத்தால் யாருக்கும் பயனில்லை.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து "அரிப்பு இல்லை" என்று சொல்லாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து போனில் எடுத்து, அது சுருங்கி வரும்போது முதலில் தொலைவது எலும்பின் ஓரக் கோடுதான். நாம் பார்க்க வேண்டியதும் அதையேதான்.

2. நோயைப் பார்க்கும் முன் கை கிடந்த விதத்தைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். மூட்டு இடைவெளி என்று நாம் சொல்லும் கறுப்புப் பட்டை வெற்றிடம் அல்ல. எதிரெதிராக இருக்கும் இரண்டு குருத்தெலும்புகள்தான் அங்கே பெரும்பகுதி. எக்ஸ்ரேயில் அவை தெரியாததால் கறுப்பாக இருக்கிறது. விரல் கொஞ்சம் மடங்கியிருந்தால் ஒரு எலும்பின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறி அந்தப் பட்டையை மறைத்துவிடும். குருத்தெலும்பு முழுசாக இருந்தும் இடைவெளி போனது போலத் தெரியும்.

மடங்கியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் எலும்பின் அடிப்பகுதியைப் பாருங்கள். நேராகக் கிடந்தால் அதன் முன் உதடும் பின் உதடும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழும். மடங்கியிருந்தால் இரண்டும் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும், எலும்பும் பக்கத்து விரலின் எலும்பைவிடக் குட்டையாகத் தெரியும். இந்த இரண்டும் இருந்தால் அந்த மூட்டின் இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். "விரல் மடங்கியுள்ளதால் மதிப்பிட இயலவில்லை" என்பதே நேர்மையான பதில்.

நம் அம்மாவின் இடது மோதிர விரலில் நடந்தது இதுதான். வீக்கத்தால் அந்த விரல் மடங்கியே கிடந்தது. பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்ததும் இடைவெளி அழகாகத் தெரிந்தது.

3. அரிப்பைத் தேடாதீர்கள், முதலில் இடைவெளி

புதியவர்கள் படத்தை வைத்ததும் அரிப்பைத் தேடுகிறார்கள். ஒன்று கண்ணில் பட்டதும் மனம் நிறைந்து, மீதிப் படத்தை மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். இடைவெளியை முதலில் பார்க்கச் சொல்வது அதனால்தான். அதற்குக் கை முழுவதும் ஒவ்வொரு மூட்டாகப் போயாக வேண்டும், நடுவில் நிறுத்த வழியில்லை. எந்த மூட்டு மடங்கியிருக்கிறது என்பதும் இந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

மூன்று வரிசைகளாகப் போங்கள். முதலில் விரல் உள்ளங்கையோடு சேரும் எம்.சி.பி. மூட்டுகள், அடுத்து நடுக்கணுவான பி.ஐ.பி. மூட்டுகள், அப்புறம் மணிக்கட்டு. ஒவ்வொரு வரிசையிலும் அளவுகோல் அதே வரிசைதான். நடுவிரல் எம்.சி.பி.யை ஆள்காட்டி விரல், மோதிர விரல் எம்.சி.பி.களோடு ஒப்பிடுங்கள். பிறகு அடுத்த கையின் நடுவிரலோடு. மில்லிமீட்டரில் இத்தனை இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்வதைவிட இது நம்பகமானது. ஏனென்றால் ஆணுக்குப் பெண், வயதுக்கு வயது அளவு மாறும். ஒரே ஆளின் பக்கத்து விரல்கள் அவ்வளவு மாறாது.

முடக்கு வாதத்தில் இடைவெளி ஒரே சீராகக் குறைகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பைப் பரவலாகத் தின்பதால் மூட்டின் இரண்டு கோடுகளும் இணையாக இருந்தபடியே நெருங்கும். தேய்மான மூட்டு வாதத்தில் ஒரு பக்கம் அதிகமாகக் குறைந்து, ஓரத்தில் எலும்பு முள் முளைத்து, கோட்டுக்கு அடியில் எலும்பு வெளுத்திருக்கும். கொழுந்து பறிக்கும் கைகளில், அதுவும் 50 வயதைத் தாண்டியவர்களிடம், கட்டைவிரலின் அடிமூட்டிலும் விரல் நுனிக் கணுக்களிலும் இந்தத் தேய்மானத்தை அடிக்கடி பார்க்கிறோம். அதை முடக்கு வாதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நுனிக் கணுவை முடக்கு வாதம் பெரும்பாலும் விட்டுவிடும்.

எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, ஷார்ப் – வான் டெர் ஹைடே மதிப்பெண் முறையின் படிகளை எடுத்துக்கொள்ளலாம். இயல்பானது 0. ஓரிடத்தில் மட்டும் குறைவு, அல்லது சந்தேகம் என்றால் 1. மூட்டு முழுவதும் குறைந்து, பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் 2. பாதிக்கும் கீழே போயிருந்தாலோ எலும்பு பாதி விலகியிருந்தாலோ 3. எலும்போடு எலும்பு ஒட்டிவிட்டாலோ முழுதும் விலகிவிட்டாலோ 4. அந்த முறையில் ஒரு கைக்கு 15 இடங்களில் இடைவெளியையும் 16 இடங்களில் அரிப்பையும் பார்க்கிறார்கள். தினசரி ஓ.பி.யில் கூட்டல் போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் "கொஞ்சம் குறைவு" என்பதற்குப் பதிலாக "பாதிக்கு மேல் மிச்சம்" என்று எழுதினால் அடுத்த ஆண்டு படிப்பவருக்குப் புரியும்.

4. வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்

இரண்டாவது சுற்று அரிப்புக்கு. இங்கே பார்க்க வேண்டியது எலும்பின் ஓரத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு, அதாவது எலும்பின் புறஓடு. பென்சில் முனையால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போங்கள். மானிட்டர் என்றால் பெரிதாக்கி, விரலால் காற்றில் வரைந்தபடி. கோடு அறுந்து, அந்த இடத்தில் எலும்பு உள்ளே கடிக்கப்பட்டது போல இருந்தால் அது அரிப்பு. கோடு அறாமல் உள்ளே வட்டமாகக் கறுப்புத் தெரிந்தால் அதை அரிப்பு என்று உடனே எழுத வேண்டாம்.

எங்கே முதலில் போவது? மூட்டுறைக்குள் இருந்தும் குருத்தெலும்பு மூடாத ஒரு சிறிய விளிம்பு ஒவ்வொரு மூட்டிலும் உண்டு. வெற்று விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். வீங்கிய சவ்வு அங்கே எலும்பை நேராகத் தொடுகிறது, தடுக்கக் குருத்தெலும்பு இல்லை. அதனால்தான் முடக்கு வாத அரிப்பு மூட்டின் நடுவில் தொடங்காமல் ஓரத்தில் தொடங்குகிறது.

என் வரிசை இது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் மெட்டாகார்ப்பல் எலும்புத் தலையில் கட்டைவிரல் பக்க ஓரம். அடுத்து மற்ற எம்.சி.பி.கள். பிறகு நடுக்கணுக்களின் இரு ஓரங்களும். பிறகு மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் கூராக நீண்டிருக்கும் அல்னா ஸ்டைலாய்டு. அதை ஒட்டித் தசைநாண் ஒன்று உறையோடு ஓடுகிறது. அந்த உறை வீங்கினால் ஸ்டைலாய்டின் வெளி ஓரம் அரிக்கும். கடைசியாக ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரம், ரேடியஸின் முனை.

மணிக்கட்டின் சிறு எலும்புகளைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பின் மேல் எலும்பு விழுந்து நிழல்கள் குழம்பும் இடம் அது. அங்கே தொடங்கினால் எல்லாமே அரிப்பாகத் தெரியும். சுத்தமான ஓரங்களைப் பார்த்துக் கண் பழகிய பிறகு அங்கே போவது நல்லது.

5. சந்தேகம் வந்தால் கையைத் திருப்புங்கள்

அரிப்பு ஒரு பள்ளம். பள்ளத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரம் அறுந்து தெரியும். நேர் எதிரே பார்த்தால் எலும்புக்குள் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் தெரியும். அதனால் பொட்டு தெரியும் இடத்தில் கையைத் திருப்பி, பள்ளத்தை ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நோர்கார்டு கோணம் எளிது. பந்தைப் பிடிக்கக் கையேந்துவது போல, உள்ளங்கை மேலே பார்க்க, சுண்டுவிரல் பக்கம் கேசட்டில் பட, 45 பாகை சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். "அம்மா, பந்து பிடிக்கிற மாதிரி கையை வைங்க" என்றால் யாருக்கும் புரிகிறது. விரல் எலும்புகளின் அடிப்பகுதி ஓரங்களும் பிசிஃபார்ம் எலும்பும் இதில் நன்றாகத் தெரியும்.

மெட்டாகார்ப்பல் தலையில் சந்தேகம் என்றால் புரூவர்ட்டன் கோணம் நல்லது. விரல்களின் முதுகு கேசட்டில் தட்டையாகப் பட வேண்டும், எம்.சி.பி. மூட்டுகள் 65 பாகை அளவுக்கு மடங்க வேண்டும், குழாயைச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து 15 பாகை சாய்க்க வேண்டும். தலையின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் திறந்து காட்டும். வலி அதிகம் இருப்பவருக்கு இந்த நிலை கஷ்டம். வற்புறுத்த வேண்டாம், நோர்கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்தால் அது பொய் என்று ஆகாது. ஓரக் கோடு தெளிவாக அறுந்திருந்தால் ஒரே படம் போதும். கறுப்புப் பொட்டு மட்டும் இருந்து இரண்டாவது கோணத்திலும் ஓரம் அறவில்லை என்றால் அரிப்பு என்று எழுதாதீர்கள்.

6. ஏமாற்றுபவை

அதிகம் ஏமாற்றுவது இரத்தக் குழாய் நுழையும் துளை. கேப்பிட்டேட், லூனேட் போன்ற எலும்புகளில் வட்டமாக, ஓரம் வெளுத்து, தனியாக இருக்கும். அதைச் சுற்றி இடைவெளி குறைவோ வீக்கமோ இருக்காது. நம் அம்மாவின் கேப்பிட்டேட் "அரிப்பு" இதுவேதான்.

இரண்டாவது, மெட்டாகார்ப்பல் தலையின் இரு பக்கமும் பக்க நாண் ஒட்டும் இயல்பான குழிவு. புதியவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குகிறார்கள், ஏனென்றால் உண்மையான அரிப்பும் இதை ஒட்டியேதான் வரும். குழிவில் வெள்ளைக் கோடு கீழே இறங்கி மீண்டும் ஏறும், ஆனால் எங்கும் அறாது. வேறுபாடு அவ்வளவுதான்.

டிஜிட்டல் எக்ஸ்ரேயில் ஓரங்களைக் கூர்மையாக்கும் செட்டிங் அதிகமாக இருந்தால் வெள்ளைக் கோட்டை ஒட்டிப் பொய்யான ஒரு கறுப்பு இழை உருவாகும். எல்லா விரலிலும் ஒரே மாதிரி இருந்தால் இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். டெக்னீஷியன் தம்பியிடம் சொல்லி அந்த செட்டிங்கைக் குறைத்துப் பாருங்கள்.

பிற நோய்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கவுட் அரிப்பு மூட்டைவிட்டுத் தள்ளியும் வரும். ஓரம் வெளுத்து, எலும்பின் விளிம்பு கொக்கி போல வெளியே தூக்கி நிற்கும், மூட்டு இடைவெளி வெகுகாலம் தப்பியிருக்கும். சொரியாசிஸ் மூட்டு வாதம் நுனிக் கணுவை விடாது, அரிப்பின் பக்கத்திலேயே புது எலும்பு பஞ்சு போல முளைக்கும். நகத்தையும் தலைமுடிக்கு அடியில் தோலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுத உட்காருங்கள்.

மூட்டை ஒட்டி எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதும் முடக்கு வாதத்தில் வரும்தான். ஆனால் படம் கொஞ்சம் அதிகக் கதிரில் எடுத்திருந்தாலே அப்படித் தெரியும். அதை மட்டும் வைத்து நான் எதையும் சொல்வதில்லை.

7. அந்த அம்மாவின் கையைப் படிப்போம்

மதியம் கையை வெந்நீரில் வைத்து, தனித்தனியாகப் படம் எடுத்தோம். இடைவெளிச் சுற்றில் வலது நடுவிரல் எம்.சி.பி. சீராகக் குறைந்திருந்தது. பக்கத்து விரல்களோடும் இடது நடுவிரலோடும் ஒப்பிட்டால் பாதிக்கு மேல் மிச்சம், ஆகவே 2. மற்ற எம்.சி.பி.களும் நடுக்கணுக்களும் இயல்பு. வலது கட்டைவிரல் அடிமூட்டில் ஒரு பக்கக் குறைவும் எலும்பு முள்ளும் இருந்தன. அது தேய்மானம், தனியாக எழுதினோம்.

கோட்டுச் சுற்றில் வலது ஆள்காட்டி விரல் மெட்டாகார்ப்பல் தலையின் கட்டைவிரல் பக்கம் கோடு மங்கி, சுமார் 2 மி.மீ. அளவுக்கு உள்வாங்கியிருந்தது. நாண் ஒட்டும் குழிவோ என்று சந்தேகம். புரூவர்ட்டன் கோணத்தில் கோடு தெளிவாக அறுந்திருந்தது. வலது அல்னா ஸ்டைலாய்டின் வெளி ஓரமும் அறுந்து சொரசொரப்பாக இருந்தது. அதன் மேல் மென்திசு வீக்கமும் தெரிந்தது. இந்த இரண்டும் முதல் படத்திலேயே இருந்தன. கேப்பிட்டேட் துளை கண்ணை இழுத்ததால் மறைந்து போயின.

இதோடு நிறுத்தவில்லை, பாதங்களையும் எடுத்தோம். கை சுத்தமாக இருக்கும்போதே பாதத்தில் அரிப்பு தொடங்கிவிடுவது உண்டு. அதிலும் சுண்டுவிரலின் அடிமூட்டில், வெளிப்பக்கம். அம்மாவுக்கு இடது பாதத்தில் அதே இடத்தில் அரிப்பு. "கால் வலிக்குதான்னு நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்" என்றார். உண்மைதான், நான் கேட்கவில்லை.

அந்த ஒரு படம் கணக்கை மாற்றியது. ஐரோப்பிய மூட்டு வாத மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பான EULAR 2013இல் தந்த வரையறைப்படி, கை, கால் படங்களில் குறைந்தது மூன்று தனித்தனி மூட்டுகளில் ஓரக்கோடு அறுந்திருந்தால்தான் முடக்கு வாதத்துக்குரிய அரிப்பு நோய் என்று கொள்ளலாம். எம்.சி.பி., பி.ஐ.பி., பாத விரல் அடிமூட்டுகள் ஒவ்வொன்றும் தனி. மணிக்கட்டு முழுவதும் சேர்த்து ஒன்றுதான். அம்மாவுக்கு ஆள்காட்டி எம்.சி.பி. ஒன்று, ஸ்டைலாய்டு வழியாக மணிக்கட்டு ஒன்று, பாதத்தில் ஒன்று. மூன்று. பாதத்தை எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டில் நின்றிருக்கும். மணிக்கட்டுக்குள் நான்கு அரிப்புகளைக் கண்டுபிடித்து "நான்கு மூட்டு" என்று எழுதுவதும் இந்த இடத்தில் வரும் வழக்கமான தவறு.

8. ரிப்போர்ட்டில் எழுதும் விதம்

மூட்டின் பெயர், எந்தப் பக்கம், என்ன தெரிந்தது, எந்தக் கோணத்தில் தெரிந்தது. இந்த நான்கும் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் வேண்டும். மதிப்பிட முடியாத மூட்டுகளைத் தனி வரியில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்தவர் அவை இயல்பு என்று எடுத்துக்கொள்வார்.

அரிப்பு எதுவும் இல்லையென்றால் "இந்தப் படத்தில் அரிப்பு தெரியவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். "முடக்கு வாதம் இல்லை" என்று ஒருபோதும் எழுத வேண்டாம். முதல் சில மாதங்களில் கை எக்ஸ்ரே இயல்பாகவே இருப்பது சாதாரணம். அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அதற்கு முன்னரே காட்டிவிடும். அந்த ஒரு வரியை நம்பி, கோயம்புத்தூர் போய் மூட்டு வாத மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டு, விரல்கள் கோணிய பிறகு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. அடுத்த ஆண்டுப் படத்தை ஒப்பிடும்போது

பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டை வைத்து ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல. முடிந்தால் அதே இயந்திரம், அதே தூரம், அதே கை நிலை. ஃபிலிமை மடித்துப் பையில் திணிக்காமல் அட்டையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கோடு மூட்டின் மேல் விழுந்தால் அந்த மூட்டு போனதுதான்.

அரிப்பு பெரிதானதா, புது இடத்தில் வந்ததா என்பதை முதலில் பாருங்கள். இடைவெளி மாற்றத்தை அதற்கு அப்புறம் எடுங்கள், ஏனென்றால் கை நிலை மாறினாலே அது மாறும். மருந்து வேலை செய்தால் அரிப்பின் ஓரம் வெளுத்துக் கூர்மையாகலாம். பள்ளம் பொதுவாக அங்கேயே இருக்கும். அதைப் பார்த்து நோய் ஏறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

அந்த அம்மா மருந்து தொடங்கி ஓராண்டு கழித்து வந்தார். ஆள்காட்டி விரல் பள்ளம் அதே 2 மி.மீ., ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. நடுவிரல் இடைவெளி மாறவில்லை. புது இடம் எதுவும் இல்லை. இடது மோதிர விரல் இந்தத் தடவை கேசட்டில் நேராகக் கிடந்தது.